அக்டோபர் 2026: நம் துணிக்கடையின் சமூக ஊடகப் பதிவுத் திட்டம்

தங்கச்சி,

இவ்வாண்டு தீபாவளி நவம்பர் 8. அதனால் அக்டோபர்தான் நமக்கு முக்கியமான மாதம். செவ்வாய், வியாழன், சனி இரவு எட்டரைக்கு ஒரு பதிவு போதும். தினமும் போடத் தொடங்கினால் தையல் நெருக்கடியில் இரண்டாம் வாரமே நின்றுபோகும். அதைவிட இந்த மூன்று நாளும் தவறாமல் வருவதே மேல்.

செவ்வாய்க்கு ஒரே ஓர் உடை. விலையை ரிங்கிட்டில் வெளிப்படையாக எழுது. விலை கேட்கக் கூச்சப்படும் தோட்டத்துப் பெண்கள் பேசாமல் போய்விடுகிறார்கள், அது எனக்கு வருத்தம். வியாழனன்று ஆரி வேலை, பஞ்சாபி சூட் வெட்டுவது என்று இருபது வினாடிக் காணொளி. நம் கைவேலையை மக்கள் பார்க்க வேண்டும். சனியன்று வாடிக்கையாளர் படம், அவர்களின் அனுமதியோடு மட்டும்.

சம்பளம் மறுமாதம் 7ஆம் தேதிக்குள் கைக்கு வந்துவிடும் என்பதால், 6, 8 தேதிகளில் நூறு ரிங்கிட்டுக்குக் குறைந்தவை. 13, 15 நவராத்திரிப் புடவைகள். 24ஆம் தேதி: தையல் ஆர்டர் இன்றோடு முடிகிறது என்ற அறிவிப்பு. அதன்பின் ஆயத்த உடைகள் மட்டுமே.

படங்களை 4ஆம் தேதி ஞாயிறு காலை, வெயில் ஏறுமுன் கடை வாசலில் மொத்தமாக எடுத்துவிடுவோம். பட்டின் உண்மை நிறம் அப்போதுதான் தெரியும். அன்றே மெட்டா பிசினஸ் சூட்டில் நேரம் குறித்து வைத்துவிடு. இடையில் வரும் புதுச் சரக்கை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போட்டால் போதும்.

அக்கா