வீட்டு வரி, குடிநீர்க் கட்டணப் பதிவு: 2023-24

கீழக்கரை வீடு, பெரியபட்டினம் வீடு இரண்டுக்கும் சேர்த்து
காலம்: 1 ஏப்ரல் 2023 முதல் 31 மார்ச் 2024 வரை
எழுதி முடித்த நாள்: 28 ஏப்ரல் 2024
பார்க்க வேண்டியவர்கள்: உம்மா, துபாயில் இருக்கும் காக்கா, சென்னையில் இருக்கும் ராத்தா

ரசீதுகள் எல்லாம் வாப்பாவின் பழைய பிஸ்கட் டின்னில் இருந்தன. நான் அவற்றை எடுத்து, ஒவ்வொரு ரசீதிலும் என்ன அச்சாகியிருக்கிறதோ அதை அப்படியே முதலில் எழுதி, அப்புறம்தான் கணக்கில் ஏற்றியிருக்கிறேன். இந்தப் பதிவில் ஒரு விதியை விடாமல் பிடித்திருக்கிறேன். பணம் எந்த நாளில் கட்டினோம் என்பதை வைத்து ஆண்டைப் பிரிக்கவில்லை. எந்தக் காலத்துக்கான கடமையோ, அந்த ஆண்டில்தான் அது சேரும். ரசீது தேதியை மட்டும் பார்த்து அடுக்கினால் ஒரு வருடத்தில் கூடுதலாகவும் அடுத்த வருடத்தில் குறைவாகவும் தெரியும். நகராட்சிக்கு நிலுவை இருக்கிறதா இல்லையா என்பது யாருக்கும் புரியாது.

கீழக்கரை வீடு, சொத்து வரி

வரிவிதிப்பு எண்ணின் கடைசி நான்கு இலக்கம் 0417. முழு எண்ணும் பழைய எண்ணும் பீரோவில் இருக்கும் கெட்டி அட்டை நோட்டின் முதல் பக்கத்தில் உள்ளன. இந்தப் பதிவு குடும்ப வாட்ஸ்அப்பில் போவதால் இங்கே எழுதவில்லை. பெயர் உம்மா பெயர்.

```
ரசீது 1
காலம்        : 2023-24, முதல் அரையாண்டு
செலுத்திய நாள் : 24-04-2023
கேட்பு        : 1,640
ஊக்கத்தொகை   : 82
செலுத்தியது   : 1,558
கட்டியவர்     : காக்கா, இணையவழி

ரசீது 2
காலம்        : 2023-24, இரண்டாம் அரையாண்டு
செலுத்திய நாள் : 06-12-2023
கேட்பு        : 1,640
ஊக்கத்தொகை   : இல்லை
செலுத்தியது   : 1,640
கட்டியவர்     : நான், நகராட்சிக் கவுண்டரில், யுபிஐ மூலம்
```

முதல் அரையாண்டு ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை, இரண்டாவது அக்டோபர் முதல் மார்ச் வரை. அரையாண்டு தொடங்கிய 30 நாளுக்குள் கட்டினால் வரியில் 5 விழுக்காடு ஊக்கத்தொகை கழிகிறது. காக்கா ஏப்ரலிலேயே கட்டியதால் 82 ரூபாய் கழிந்தது. அக்டோபரில் உம்மாவுக்கு மதுரையில் கண் அறுவை சிகிச்சை. வீடு பூட்டியிருந்தது, டிசம்பரில்தான் போக முடிந்தது. அதனால் இரண்டாவது ரசீதில் கழிவு இல்லை. தாமத வட்டி என்று தனியாக எதுவும் அச்சாகவில்லை, நானும் எழுதவில்லை.

ரசீது 2-இன் தேதியைக் காக்கா ஜூன் 12 என்று படித்துவிட வேண்டாம். நகராட்சி ரசீதில் நாள் முதலில், மாதம் இரண்டாவது. என் வங்கிக் கணக்கிலும் 1,640 ரூபாய் டிசம்பர் 6 அன்றுதான் போயிருக்கிறது.

ராத்தா போன முறை வரி ஏன் இவ்வளவு ஏறியிருக்கிறது என்று கேட்டீர்கள். பழைய பக்கத்தில் அரையாண்டுக்கு 1,093 ரூபாய் என்று இருக்கிறது. 2022-இல் தமிழ்நாடு முழுக்கப் பொதுச் சீராய்வு நடந்தது. நகராட்சிகளில் குடியிருப்புக்கு 600 சதுர அடி வரை 25 விழுக்காடு, 601 முதல் 1,200 வரை 50, 1,201 முதல் 1,800 வரை 75, அதற்கு மேல் 100 என்று உயர்த்தினார்கள். நம் வீடு 1,050 சதுர அடி, 50 விழுக்காட்டில் விழுகிறது. 1,093-இல் பாதியைக் கூட்டினால் 1,640-க்கு வந்துவிடுகிறது. கணக்கு சரிதான், யாரும் கூடுதலாக வாங்கவில்லை.

கீழக்கரை வீடு, குடிநீர்க் கட்டணம்

மாதம் 100 ரூபாய். இந்த இடத்தில்தான் அதிக நேரம் ஆனது, ஏனென்றால் ஒரு ரசீதும் ஆண்டோடு முடியவில்லை.

```
ரசீது 3   17-05-2023   10/2022 முதல் 06/2023   900
ரசீது 4   06-12-2023   07/2023 முதல் 12/2023   600
ரசீது 5   19-04-2024   01/2024 முதல் 06/2024   600
```

ரசீது 3 வெப்பத்தாளில் அச்சானது. நம் ஊர்க் கடல்காற்றில் அந்தத் தாள் ஒரு வருடம் தாங்குவதில்லை. தொகையின் முதல் இலக்கம் 9-ஆ 3-ஆ என்று தெரியவில்லை. எழுத்தில் உள்ள வரியில் "தொள்ளா" வரை படிக்க முடிகிறது. காலம் ஒன்பது மாதம், மாதம் 100, ஆக 900. வங்கிக் கணக்கிலும் 900 தான் போயிருக்கிறது. மூன்றும் ஒத்துப்போவதால் 900 என்று ஏற்றினேன். கண்ணால் படித்த எண் இல்லை, ஒப்பிட்டுத் தெரிந்துகொண்ட எண் என்பதால் பக்கத்தில் பென்சிலில் ஒரு கோடு போட்டிருக்கிறேன். tnurbanepay.tn.gov.in தளத்தில் குடிநீர் இணைப்பு எண்ணைக் கொடுத்துச் செலுத்திய விவரத்தை ராத்தா ஒரு முறை பார்த்துச் சொன்னால் அந்தக் கோட்டை அழித்துவிடுவேன்.

இந்த 900-இல் அக்டோபர் 2022 முதல் மார்ச் 2023 வரையிலான ஆறு மாதத்துக்கு 600 ரூபாய். அது 2022-23 பக்கத்துக்குப் போகிறது. ஏப்ரல், மே, ஜூன் மூன்று மாதத்துக்கான 300 மட்டும் இந்த ஆண்டில் சேரும். ரசீது 4 முழுதும் இந்த ஆண்டுக்கே. ரசீது 5-இல் ஜனவரி, பிப்ரவரி, மார்ச் மாதங்களின் 300 இங்கே, மீதி 300 அடுத்த ஆண்டுப் பக்கத்தில். ஆக 300, 600, 300, மொத்தம் 1,200. பன்னிரண்டு மாதமும் விடுபடாமல் இருக்கிறது, இரண்டு முறை கட்டிய மாதமும் இல்லை.

குழாயில் காவிரித் தண்ணீர் வராத நாளில் வண்டிக்காரரிடம் குடம் கணக்கில் வாங்குவதையும், லாரித் தண்ணீரையும் இதில் சேர்க்கவில்லை. கிணற்று நீர் உப்பு என்பதால் அந்தச் செலவு பெரியதுதான். ஆனால் அது நாம் வாங்கும் பொருள், நகராட்சிக்கு நாம் கட்ட வேண்டிய கடமை இல்லை. இரண்டையும் கலந்தால் நிலுவைக் கணக்கு பாழாகிவிடும். அது சமையல் செலவு நோட்டில் இருக்கிறது. மின் கட்டணமும் அப்படியே, இரண்டு மாதத்துக்கு ஒரு முறை வருவதால் தனிப் பக்கம்.

பெரியபட்டினம் வீடு, வீட்டு வரி

அது ஊராட்சி, அதனால் அரையாண்டு கிடையாது. ஆண்டுக்கு ஒரு முறை.

```
ரசீது 6
காலம்        : 2023-24
செலுத்திய நாள் : 13-02-2024
வீட்டு வரி     : 200
நூலக வரி     : 20
மொத்தம்      : 220
கட்டியவர்     : மாமா
```

நூலக வரி என்பது வீட்டு வரியில் ரூபாய்க்குப் பத்து பைசா. 200-க்கு 20 சரியாக இருக்கிறது. மாமாவுக்கு 220 ரூபாயை அன்றே கொடுத்துவிட்டேன், உம்மாவுக்கு வரும் வாடகைப் பணத்திலிருந்து.

ரசீது இன்னும் வாப்பா பெயரில்தான் வருகிறது. வாப்பா மவுத்தாகி மூன்று வருடம் ஆகிறது. வாரிசுச் சான்று கையில் இருக்கிறது, பெயர் மாற்ற மனு இன்னும் கொடுக்கவில்லை. வரி ரசீது யார் பெயரில் இருந்தாலும் அது மட்டும் வீட்டுக்கு உரிமை ஆகாது, உரிமை பத்திரத்தில்தான் இருக்கிறது. இருந்தாலும் வரிப் பெயரை மாற்றப் போகும்போது நிலுவை இல்லை என்று காட்ட இந்த ரசீதுகள்தான் வேண்டும். அதனால் ஒன்றைக்கூடத் தூக்கிப் போடவில்லை.

ஆண்டுத் தொகுப்பு

```
                    கேட்பு    கழிவு    செலுத்தியது   நிலுவை
சொத்து வரி           3,280     82       3,198        0
குடிநீர்               1,200      0       1,200        0
வீட்டு வரி (ஊராட்சி)    220      0         220        0
மொத்தம்             4,700     82       4,618        0
```

காக்கா, உங்கள் கையில் இருக்கும் கணக்கில் 4,918 என்று வரும். அதுவும் தப்பில்லை. ஏப்ரல் 2023 முதல் மார்ச் 2024 வரை கையை விட்டுப் போன பணம் அது: 1,558, 900, 1,640, 600, 220. அதில் 600 முந்தைய ஆண்டின் குடிநீருக்குப் போனது, கழித்துக்கொள்ளுங்கள். இந்த ஆண்டுக்குரிய 300 ஏப்ரல் 2024-இல்தான் கட்டியது, கூட்டிக்கொள்ளுங்கள். 4,618 வந்துவிடும்.

பகிர்ந்த விரிதாளில் ஆண்டு B பத்தியிலும் அந்த ஆண்டுக்குரிய தொகை G பத்தியிலும் இருக்கின்றன. ரசீது 3-ஐயும் 5-ஐயும் இரண்டிரண்டு வரியாக உடைத்து எழுதியிருக்கிறேன், யாரும் ஒன்றாகச் சேர்த்துவிட வேண்டாம். ஆண்டின் மொத்தம் பார்க்க:

```
=SUMIFS(G:G,B:B,"2023-24")
```

ஆறு ரசீதையும் படம் எடுத்து அதே கோப்புறையில் போட்டிருக்கிறேன். வெப்பத்தாள் ரசீதுகளை ஜெராக்ஸ் எடுத்து அசலோடு சேர்த்துக் குத்தியிருக்கிறது. பிளாஸ்டிக் உறையில் போடவில்லை, உள்ளே எழுத்து இன்னும் சீக்கிரம் மங்குகிறது.

ரசீதில் ஒத்துப்போகாதவை

சொத்து வரி ரசீதில் உம்மாவின் தலைப்பெழுத்து அவர்கள் வாப்பாவின் பெயருக்கு உரியது. குடிநீர் ரசீதில் நம் வாப்பாவின் பெயருக்கு உரியது. கதவு எண்ணும் ஒன்றில் பழையது, மற்றதில் புதியது. இரண்டும் ஒரே வீடு என்று நமக்குத் தெரியும், வெளியாளுக்குத் தெரியாது. பதிவில் நான் எதையும் திருத்தவில்லை, அச்சில் உள்ளபடியே வைத்திருக்கிறேன். உம்மா வீட்டைத் தங்கைக்கு எழுதிக் கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். நிக்காஹ் முடிவாகும் முன் இரண்டு ரசீதிலும் பெயரையும் கதவு எண்ணையும் ஒன்றாக்கிவிட வேண்டும். ஆதார், பத்திர நகல், இரண்டு ரசீது இவற்றோடு ரமலான் விடுமுறைக்குப் பிறகே போகலாம் என்று இருந்தேன். இப்போது மே இரண்டாம் வாரம் போகிறேன்.

2024-25 பக்கத்துக்கு ஏற்றியவை

19-04-2024 அன்று சொத்து வரி முதல் அரையாண்டு 1,640 கேட்பு, ஊக்கத்தொகை 82, செலுத்தியது 1,558. அதே நாள் குடிநீர் ரசீதிலிருந்து ஏப்ரல், மே, ஜூன் 300.

இனி கட்ட வேண்டியது: குடிநீர் ஜூலை முதல். சொத்து வரி இரண்டாம் அரையாண்டு அக்டோபர் 30-க்குள், காக்கா இணையவழியில் கட்டுவதாக ஒப்புக்கொண்டிருக்கிறீர்கள். பெரியபட்டினம் வீட்டு வரி 220, மாமாவை அலைய விடாமல் ராத்தா vptax.tnrd.tn.gov.in தளத்தில் கட்டிவிடுவதாகச் சொல்லியிருக்கிறீர்கள். கட்டியதும் ரசீதைப் படமாக இல்லாமல் இறக்கிய கோப்பாகவே அனுப்புங்கள்.

மாடியில் ஜனவரியில் கட்டிய அறையை நகராட்சி இன்னும் அளக்கவில்லை. அளந்த பிறகு வரும் புதிய கேட்புத் தொகையை, அது எந்த அரையாண்டிலிருந்து என்று அறிவிப்பில் சொல்கிறார்களோ அந்த வரியில் எழுத ஒரு வரி இடம் விட்டிருக்கிறேன்.