மகமைக் கணக்கு பற்றி அறங்காவலர்களுக்குத் தனிக் கடிதம்

மண்டபம்
7.7.2025

மதிப்பிற்குரிய தலைவர் ஐயா மற்றும் அறங்காவலர்களுக்கு,

வணக்கம். ஆடிட்டரிடம் கொடுப்பதற்காக 2024-25 கணக்கைக் கம்ப்யூட்டரில் ஏற்றித் தரச் சொல்லி ரசீதுப் புத்தகங்களையும் பில்களையும் என்னிடம் கொடுத்திருந்தீர்கள். வேலை முடிந்துவிட்டது. ஆனால் இரண்டு விஷயங்களை உங்களிடம் சொல்லாமல் அதை ஒப்படைக்க மனம் வரவில்லை.

முதலாவது, மகமை ரசீது. 16ஆம் புத்தகம் அக்டோபர் 7ஆம் தேதி முடிகிறது. 18ஆம் புத்தகம் அக்டோபர் 30ஆம் தேதி தொடங்குகிறது. நடுவில் 17ஆம் புத்தகத்தின் அடிக்கட்டையும் இல்லை, வரவுப் பேரேட்டில் அந்த நாட்களுக்கு ஒரு வரியும் இல்லை. தடைக்காலமாக இருந்தால் புரிந்துகொள்ளலாம். அது ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரைதானே. அக்டோபர் 21, திங்கட்கிழமை, கரை வந்ததும் எங்கள் படகுக்கு 200 ரூபாய் கட்டியிருக்கிறோம். ரசீது எண் 1643, என்னிடம் பத்திரமாக இருக்கிறது. ஒரு புத்தகத்துக்கு நூறு தாள். எல்லாத் தாளும் கிழிக்கப்பட்டிருந்தால் 20,000 ரூபாய் கணக்கில் வரவில்லை.

இரண்டாவது, மளிகை பில். தடைக்கால அரிசிக்கு ஏப்ரல் 22ஆம் தேதி ஒரு பில், எண் 418. இலங்கைச் சிறையில் இருந்தவர்களின் வீடுகளுக்குச் சாமான் கொடுத்ததாக நவம்பர் 9ஆம் தேதி இன்னொரு பில், எண் 419. இரண்டும் ஒரே கடை, ஒரே கையெழுத்து, ஒரே பேனா மை. அந்தக் கடையில் ஆறு மாதத்துக்கு மேல் வேறு யாருமே சாமான் வாங்கவில்லையா என்ன? சாமான் வந்ததா என்று அந்த வீடுகளில் நான் கேட்கவில்லை. கேட்டால் பொழுது சாய்வதற்குள் ஊர் முழுக்கப் பரவிவிடும். அப்புறம், நாளைக்கு யாராவது கடலில் பிடிபட்டால் மகமை கட்ட எவரும் முன்வர மாட்டார்கள்.

யார் மீதும் நான் குற்றம் சொல்லவில்லை. பொருளாளர் எனக்கும் சொந்தம்தான். அவரிடம் நியாயமான விளக்கம் இருக்கலாம். புத்தகம் வசூல் செய்யும் தம்பியிடமே தங்கியிருக்கலாம். ஆனால் நான் தனியாகப் போய்க் கேட்டால் அது சண்டையாகத்தான் முடியும். நீங்கள் கூட்டமாக உட்கார்ந்து கேட்பதுதான் முறை.

17ஆம் புத்தகத்தையும் கடைக்காரரின் பில் நகலையும் வரவழைத்துப் பாருங்கள். பேங்க் பாஸ்புக்கோடு ஒப்பிட, ஊருக்குச் சம்பந்தமில்லாத ஒரு கணக்காளரை வையுங்கள். அதுவரை அசல் பில்கள் பொருளாளரிடம் திரும்பப் போகாமல் தலைவர் ஐயாவின் பூட்டில் இருக்கட்டும். இதை மட்டும் தள்ளிப்போட வேண்டாம்.

என் வீட்டிலும் இதுபற்றி நான் பேசவில்லை. ஜூலை 31க்குள் உங்கள் முடிவை எழுத்தில் தெரிவித்தால் போதும். பதில் வராவிட்டால், உறுப்பினர் என்ற முறையில் ஆகஸ்ட் பொதுக்குழுவில் இதே இரண்டு கேள்விகளையும் எழுப்புவேன். அதை முன்கூட்டியே சொல்லிவிடுவதுதான் சரி என்று பட்டது.

ரசீது, பில்களின் நகல்களை இணைத்திருக்கிறேன். எப்போது கூப்பிட்டாலும் நேரில் வருகிறேன். கடலுக்குப் போகும் திங்கள், புதன், சனி மட்டும் வேண்டாம்.

இப்படிக்கு,
உறுப்பினர் எண் 112