மென்பொருள் பராமரிப்பு ஒப்பந்தம், 46 பக்கம்: கையெழுத்துக்கு முன் படிக்க

காலம் 3 ஆண்டு. கட்டணம் மாதந்தோறும், பில் வந்த 30 நாளுக்குள். இதுவரை வழக்கமானதுதான்.

கவலை பிரிவு 14. பராமரிப்பு நிறுவனத்தின் தவறால் உங்கள் தரவு அழிந்தாலும், இழப்பீடு அதிகபட்சம் 3 மாதக் கட்டணம். உங்கள் தவறுக்கோ வரம்பே இல்லை (பிரிவு 15). இருவருக்கும் 12 மாதக் கட்டணம் என்று மாற்றக் கேளுங்கள், மறுத்தால் கையெழுத்திடாதீர்கள்.

பிரிவு 22: முடிவதற்கு 90 நாள் முன்பே பதிவுத் தபாலில் மறுக்காவிட்டால், தானாக இன்னும் 3 ஆண்டு நீளும். மின்னஞ்சல் செல்லாது. இப்போதே நாட்காட்டியில் குறித்துவிடுங்கள்.

விலை உயர்வின் உச்சவரம்பு இணைப்பு 'ஆ'-வில் உள்ளதாம். நம் பிரதியில் அந்த இணைப்பே இல்லை. முதலில் அதைக் கேட்டு வாங்குங்கள்.

இடையில் விலகினால் மீதி மாதக் கட்டணத்தில் பாதி கட்ட வேண்டும். தரவை 15 நாளில் தருவார்கள். எந்த வடிவில் என்று எழுதவில்லை, எழுதச் சொல்லுங்கள்.