பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள்: புதிய குருவானவருக்கு ஒரு மூத்த குருவானவரின் அறிவுரை

கிறிஸ்துவுக்குள் அன்பான சபையாருக்கும், இன்று இந்தச் சேகரத்தின் பொறுப்பை ஏற்றிருக்கும் நம் குருவானவருக்கும் என் ஸ்தோத்திரங்கள்.

தம்பி, நாளை முதல் இந்த ஊர் உங்களை ‘ஐயரே’ என்று கூப்பிடும். உங்கள் அப்பாவும் நானும் ஒரே காலத்தில் இறையியல் படித்தவர்கள் என்ற உரிமையில், இன்றைக்கு நான் தம்பி என்றே கூப்பிடுகிறேன்.

சற்று முன் உங்கள் கையில் இரண்டு பொருட்களைக் கொடுத்தார்கள். ஒன்று கோயில் சாவி. இன்னொன்று குடும்பப் பதிவேடு. சாவியை வாங்கியபோது சபையார் கைதட்டினார்கள். பதிவேட்டை நீங்கள் வாங்கி, பக்கத்தில் நின்ற உபதேசியாரிடம் கொடுத்துவிட்டீர்கள். அதை அவரிடமிருந்து திரும்ப வாங்கி மடியில் வைத்துக்கொள்ளுங்கள். நான் பேசப்போவது அதைப் பற்றித்தான்.

1984இல் தேரிக்காட்டு ஓரத்தில் ஒரு சபை எனக்குக் கிடைத்தது. நான் போன பதினோராவது மாதம், பனையிலிருந்து விழுந்து ஒருவர் இறந்துபோனார். அவருடைய வீடு தேரிக்கு அந்தப் பக்கம் இருந்தது. செம்மணலில் கால் புதையப் புதைய ஒன்றரை மைல் நடக்க வேண்டும். அதனால் அந்தப் பதினோரு மாதத்தில் நான் ஒருமுறைகூட அங்கே போகவில்லை. அடக்க ஆராதனையில் பதிவேட்டைத் திறந்து, அதில் இருந்த ஞானஸ்நானப் பெயரைச் சொல்லி ஜெபித்தேன். பெட்டியின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்த அவருடைய தாயார், அழுகையை நிறுத்திவிட்டுப் பக்கத்தில் இருந்தவளிடம், “ஐயர் யாரைச் சொல்கிறார்?” என்று கேட்டார். அந்த ஊரில் ஒருவரும் அவரை அந்தப் பெயரால் கூப்பிட்டதே இல்லை. பெற்ற தாய்க்கே மறந்துபோயிருந்தது. அந்த மனிதர் ஞாயிறு தவறாமல் கடைசி வரிசையில், தூணுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தவர். எத்தனையோ முறை அவர் கையில் அப்பத்தை வைத்திருக்கிறேன். பனை உரசிக் காய்த்துப்போன அந்த உள்ளங்கை எனக்குத் தெரியும். மனிதரைத் தெரியாது.

நல்ல மேய்ப்பனைப் பற்றி ஆண்டவர் சொன்னபோது, தன் ஆடுகளைப் ‘பேர்சொல்லிக் கூப்பிட்டு’ நடத்துகிறவன் என்றார். அந்த வசனத்தை அதற்கு முன் நான் பலமுறை பிரசங்கித்திருந்தேன். அந்தத் தாயார் கேட்ட கேள்விக்குப் பிறகுதான் அது எனக்குச் சொல்லப்பட்டது என்று புரிந்தது.

தம்பி, இந்தப் பதிவேட்டில் 142 குடும்பங்கள் இருக்கின்றன. வாரத்துக்கு ஆறு வீடு போனால் ஆறு மாதத்துக்குள் எல்லா வீட்டுத் திண்ணையிலும் நீங்கள் உட்கார்ந்திருப்பீர்கள். அதுவரை எந்தப் புதுத் திட்டமும் அறிவிக்காதீர்கள். கோபுரத்துக்கு வர்ணம் பூசுவது, மைக் மாற்றுவது எல்லாம் காத்திருக்கட்டும். வீட்டுக்குப் போனால் வேதம் வாசித்து, ஜெபித்து, பத்து நிமிடத்தில் எழுந்துவிடாதீர்கள். மகன் எந்த ஊரில் வேலை பார்க்கிறான், போன் செய்கிறானா, கால் வீக்கத்துக்கு எந்த ஆஸ்பத்திரியில் காட்டுகிறார்கள் என்று கேளுங்கள். பதநீர்க் காலத்தில் வீடு பூட்டியிருக்கிறதே என்று திரும்பி வராதீர்கள். பனங்காட்டுக்குள் விடிலிக்குப் போங்கள். கருப்பட்டி காய்ச்சுகிற பெண்ணால் அடுப்பை விட்டு எழுந்து வந்து முழங்காற்படியிட முடியாது. அவள் கிண்டிக்கொண்டே இருக்கட்டும், புகையில் நின்று நீங்கள் ஜெபியுங்கள். அந்த ஜெபத்தை அவள் சாகும்வரை மறக்கமாட்டாள்.

மாடி வீட்டில் சாப்பிடும் நாளைவிட ஓட்டு வீட்டில் காப்பி குடிக்கும் நாள் அதிகமாக இருக்கட்டும். உங்கள் சம்பளம் எங்கிருந்து வருகிறது என்று நினைத்துக்கொள்ளுங்கள். நம் பக்கத்துத் தாய்மார்கள் உலை வைக்கும்போதெல்லாம் ஒரு கைப்பிடி அரிசியைத் தனிக் கலயத்தில் போட்டுவைத்து, கோயிலுக்குக் கொண்டுவந்து கொடுத்தார்கள். அரை வயிற்றுக்குக் கஞ்சி குடித்த வீட்டிலிருந்தும் அந்த அரிசி வந்தது. அதில் வளர்ந்த ஊழியம் இது. ஜெபிக்கப் போன வீட்டில் கவர் நீட்டினால், காணிக்கைப் பெட்டியைக் காட்டுங்கள்.

சேகரத் தேர்தல் வரும். இரண்டு தரப்பும் இரவில் குருமனைக்கு வருவார்கள். சாதியைச் சொல்லியும் வருவார்கள், அதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் சொல்லித்தான் ஆக வேண்டும். கொரிந்து சபையில் ஒருவன் நான் பவுலின் ஆள் என்றும் ஒருவன் அப்பொல்லோவின் ஆள் என்றும் சொன்ன நோய்தான் இது. நீங்கள் யாருடைய ஆளும் அல்ல. தோற்ற தரப்பின் வீட்டுக்கு மறுநாள் காலையிலேயே போங்கள்.

பிரசங்கத்தைச் சனிக்கிழமை இரவு யூடியூபில் தேடாதீர்கள். ஆறு நாள் வீடுகளில் கேட்டதை மனதில் வைத்துக்கொண்டு வசனத்தை வாசியுங்கள், எதைச் சொல்ல வேண்டும் என்று தெரியும்.

எல்லாவற்றையும் ஒற்றை ஆளாகச் சுமக்கவும் வேண்டாம். நம் வெள்ளாளன்விளையில் 1874இல் பிறந்த அசரியா ஐயர், 1912இல் தோர்ணக்கல்லில் இந்தியரான முதல் ஆங்கிலிக்கன் பேராயரானார். தெலுங்கு நாட்டுக் கிராமங்களில் ஞானஸ்நானம் பெறுகிறவர்களைத் தங்கள் தலையில் கைவைத்து, ‘சுவிசேஷத்தைப் பிரசங்கியாவிட்டால் எனக்கு ஐயோ’ என்று சொல்லவைப்பார். எழுதப் படிக்கத் தெரியாத ஏழைகளும் சொன்னார்கள். சபையார் ஒவ்வொருவரும் ஊழியக்காரர்தான் என்று அவர் நம்பினார். நீங்களும் நம்புங்கள். படுத்த படுக்கையான ஒருவரைப் பார்க்கப் போகும்போது ஒரு வாலிபனைக் கூட்டிக்கொண்டு போங்கள். அடுத்த முறை அவன் தானாகவே போவான்.

சபையாரே, உங்களுக்கும் கொஞ்சம் சொல்ல வேண்டும். இவருக்கு முப்பத்தொரு வயது. தவறு செய்வார். தவறு கண்டால் வீட்டுக்கு வந்து முகத்துக்கு நேராகச் சொல்லுங்கள். பெயர் போடாத கடிதம் எழுதிப் பேராயர் அலுவலகத்துக்கு அனுப்பாதீர்கள். அந்தக் கடிதம் என்ன செய்யும் என்று நான் பார்த்திருக்கிறேன். என் நண்பர் ஒருவரின் மனைவி அதன் பிறகு கோயிலுக்குள் தலை நிமிர்ந்து நடக்கவே இல்லை. குருமனையில் இருக்கும் அம்மாவுக்குத் தனி வேலை இருக்கிறது, கைக்குழந்தையும் இருக்கிறது. மாதர் சங்கம், ஓய்வுநாள் பள்ளி, பாடகர் குழு எல்லாவற்றையும் அவர் தலையில் கட்டாதீர்கள். குருமனையில் மேற்குப் பக்க அறை ஒழுகுகிறது. நேற்று நானே பார்த்தேன். ஐப்பசி மழைக்கு முன் ஓடுகளை மாற்றிவிடுங்கள்.

தம்பி, களைத்துப்போகும் நாள் வரும். ஜெபிக்கவே வாய் வராத இரவும் வரும். அப்படிப்பட்ட இரவுகளில் நான் பதிவேட்டைத் திறந்துவைத்துக்கொண்டு பெயர்களை மட்டும் ஒவ்வொன்றாக ஆண்டவர் முன் வாசித்திருக்கிறேன். வேறு வார்த்தை கிடையாது. பதிவேட்டில் இருந்த பெயருக்குப் பக்கத்தில், ஊரார் கூப்பிடும் பெயரைப் பென்சிலில் எழுதிவைத்திருப்பேன். அதையும் சேர்த்து வாசிப்பேன். உங்கள் சட்டைப்பையில் வைத்துக்கொள்ள ஒரு பென்சில் கொண்டுவந்திருக்கிறேன்.

வெளியே பந்தலில் சாப்பாடு தயாராகிவிட்டது. வாசனை இங்கேயே வருகிறது. ஆனால் தெற்குத் தெருவின் கடைசி வீட்டில் ஒரு பெரியவர் எழுந்திருக்க முடியாமல் படுத்திருக்கிறார். இந்தக் கோயிலுக்கு நாற்பது வருடம் மணி அடித்தவர். இன்று உங்களைப் பார்க்க வர அவருக்குக் கொடுத்துவைக்கவில்லை. ஆசீர்வாதம் முடிந்ததும் அங்கியைக் கழற்றாமல் வாருங்கள். நானும் வருகிறேன். பந்தியை நாம் திரும்பி வந்த பிறகு தொடங்கலாம்.