சித்தப்பா வீட்டுக்கு ஒரு மாத மளிகைப் பட்டியல்

அன்புள்ள சித்திக்கு,

சித்தப்பாவின் கல்லீரலில் கொழுப்பு படிந்திருப்பதாகவும், 82 கிலோ எடையில் 6 கிலோவையாவது மெதுவாகக் குறைக்க வேண்டும் என்றும் மருத்துவர் சொன்னதிலிருந்து நீங்கள் கவலையோடு இருக்கிறீர்கள். ஓட்ஸும் ஆலிவ் எண்ணெயும் வாங்க வேண்டியதில்லை. உங்கள் இருவருக்கும் மாதம் 3,000 ரூபாய்க்குள் அடங்குமாறு இதை எழுதியிருக்கிறேன். பால் கணக்கு தனி.

ரேஷன் கடையில் அரிசி 6 கிலோ போதும். 30 ரூபாய்க்குத் தரும் துவரம் பருப்பு 1 கிலோவைத் தவறாமல் வாங்குங்கள். பாமாயில் 25 ரூபாய்க்குக் கிடைப்பதால் விட மனம் வராது என்பது எனக்குத் தெரியும். ஆனால் அதில் ஏறக்குறைய பாதி நிறைவுற்ற கொழுப்பு என்பதால் இப்போதைக்கு வேண்டாம். அதற்குப் பதிலாக மளிகைக் கடையில் கடலை எண்ணெய் 1 லிட்டர் வாங்கி, மாதம் முழுவதும் அதையே கரண்டியால் அளந்து ஊற்றுங்கள்.

கேழ்வரகு 3 கிலோ, சாமை 2 கிலோ. சவ்வாது மலைச் சாமை கிடைத்தால் நல்லது. களி கிண்டினால் ஆளுக்கு ஓர் உருண்டை போதும், கூடவே கீரைக் கடைசலோ கொள்ளு ரசமோ நிறைய இருக்கட்டும். கூழில் வெல்லம் சேர்க்க வேண்டாம். வெல்லம், தேன், சர்க்கரை மூன்றும் கல்லீரலுக்கு ஒன்றுதான், மிஞ்சும் இனிப்பை அது கொழுப்பாகவே மாற்றிவிடுகிறது. ஆகவே இம்மாதம் சர்க்கரை, பிஸ்கட், வர்க்கி, குளிர்பானம் எதுவும் பட்டியலில் இல்லை. சர்க்கரை போடாத காபியைச் சித்தப்பா தாராளமாகக் குடிக்கலாம்.

கொள்ளு, பாசிப்பயறு, கறுப்புக் கொண்டைக்கடலை ஆகியவை தலா 1 கிலோ, வேர்க்கடலை அரை கிலோ. மாலையில் பஜ்ஜிக்குப் பழகிய வாய்க்கு இந்தச் சுண்டல்தான் மாற்று. வேர்க்கடலையை மட்டும் ஒரு கைப்பிடிக்கு மேல் வைக்காதீர்கள்.

காய்கறிக்கு வாரம் 250 ரூபாய் ஒதுக்கியிருக்கிறேன். நேதாஜி மார்க்கெட்டில் கீரைக்கட்டு நான்கு, சுரைக்காய், அவரை, வெண்டை ஆகியவற்றோடு இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்காய் வந்திருந்தால் அரை கிலோ வாங்குங்கள். அது எண்ணெயை நிறைய உறிஞ்சும் என்பதால் வதக்காமல் சுட்டுக் கடைந்தால் சுவையும் குறையாது. பழத்துக்குக் கொய்யா போதும், சாறாகப் பிழியாமல் கடித்தே சாப்பிடட்டும்.

முட்டை 30. மத்தி மீன் வாரம் அரை கிலோ வாங்கிக் குழம்பு வையுங்கள், வறுக்க வேண்டாம். விலை குறைவாக இருந்தாலும் நல்ல கொழுப்பு அதில் அதிகம். ஞாயிற்றுக்கிழமை பிரியாணியை மாதத்துக்கு ஒருமுறை என்று குறைத்தால் அந்தப் பணத்திலேயே மீன் வந்துவிடும்.

கல்லீரலைச் சுத்தம் செய்யும் பொடி என்று யாராவது விற்றால், மருத்துவரிடம் காட்டாமல் வாங்காதீர்கள். அடுத்த மாதம் 1ஆம் தேதி சித்தப்பாவின் எடையை எனக்குச் சொன்னால், அரிசி அளவை அதற்கேற்ப மாற்றி எழுதித் தருகிறேன்.