படியெடுப்பு: தனி ஊசல் சோதனை, ஆய்வகக் குறிப்பேடு பக்கம் 23, 24

மூலம்: கோடிட்ட தாளில் கையால் எழுதிய இயற்பியல் குறிப்பேடு. அட்டவணைக் கோடுகள் பென்சிலில், எண்கள் நீல மையில். சில திருத்தங்கள் மட்டும் கறுப்பு மையில். பக்கம் 24-இல் வரைபடத்தாள் ஒட்டப்பட்டிருக்கிறது.

குறிகள்: அம்புக்குறிக்கு இடப்பக்கம் இருப்பது முதலில் எழுதியது, வலப்பக்கம் இருப்பது அதன் மேலேயே எழுதியது (36.2 → 38.2). அடித்துவிட்டுப் பக்கத்தில் புதிதாக எழுதியிருந்தால், அடித்த எண் கோண அடைப்பில் வரும்: ‹37.1› 38.1. சதுர அடைப்புக்குள் இருப்பது தாளில் இல்லை, நான் சேர்த்தது. உடுக்குறி இட்ட கட்டங்களுக்குக் கீழே குறிப்பு உண்டு. தசமத்துக்குப் பின் எத்தனை இலக்கம் தாளில் இருக்கிறதோ அத்தனைதான் இங்கும். 4.04 என்று எழுதியிருப்பதை வரிசை அழகுக்காக 4.040 ஆக்கவில்லை. அந்தச் சுழியை எழுதியவர் போடவில்லை, நான் போட்டால் இல்லாத துல்லியத்தை அவர் தலையில் கட்டியதாகும்.

பக்கம் 23, மேற்பாதி

நோக்கம்: தனி ஊசலைக் கொண்டு புவியீர்ப்பு முடுக்கம் g காணல்.

குண்டின் விட்டம் (வெர்னியர் அளவி). மீச்சிற்றளவு = 0.01 செ.மீ. சுழிப்பிழை: இல்லை.

| எண் | முதன்மைக்கோல் அளவு ‹மி.மீ.› செ.மீ. | வெர்னியர் ஒன்றிப்பு | விட்டம் செ.மீ. |
|---|---|---|---|
| 1 | 1.8 | 6 | 1.86 |
| 2 | 1.8 | 5 | 1.85 |
| 3 | 18 * | 6 | 18.6 * |

சராசரி விட்டம் = 1.86 செ.மீ. ஆரம் r = 0.93 செ.மீ.

* வரிசை 3: தலைப்பில் முதலில் மி.மீ. என்று எழுதி அடித்து, செ.மீ. என்று மாற்றியிருக்கிறார். மூன்றாம் வரிசை மட்டும் பழைய அலகிலேயே நின்றுவிட்டது. 18-க்கும் 18.6-க்கும் மி.மீ. என்று வைத்தால் 1.86 செ.மீ. சரியாக வருகிறது. சராசரியும் அதை அப்படித்தான் எடுத்துக்கொண்டிருக்கிறது, ஏனென்றால் 18.6-ஐ செ.மீ. என்றே கூட்டியிருந்தால் சராசரி ஏழைத் தாண்டியிருக்கும். ஆனாலும் கட்டத்தில் இருக்கும் எண்ணை நான் மாற்றவில்லை. அலகு மாற்றம் கணக்கிடுபவர் செய்ய வேண்டிய வேலை.

பக்கம் 23, கீழ்ப்பாதி

20 அலைவுகளுக்கான நேரம். நிறுத்துக் கடிகாரத்தின் மீச்சிற்றளவு = 0.1 வி *

| எண் | l செ.மீ. | t₁ வி | t₂ வி | சராசரி t வி | T = t/20 வி | T² வி² | l/T² |
|---|---|---|---|---|---|---|---|
| 1 | 50.0 | 28.4 | 28.4 | 28.4 | 1.42 | 2.016 | 24.8 |
| 2 | 60 | 31.0 | 31[.]2 * | 31.1 | 1.555 | 2.418 | 24.8 |
| 3 | 70.0 | 38.6 → 33.6 * | 33.6 | 33.6 | 1.68 | 2.822 | 24.8 |
| 4 | 80.0 | 35.8 | 36.0 | 35.9 | 1.795 | 3.222 | 24.8 |
| 5 | 90.0 | 36.2 → 38.2 * | 38.0 | ‹37.1› 38.1 | ‹1.855› 1.905 | ‹3.441› 3.629 | ‹26.2› 24.8 |
| 6 | 100.0 | 40.2 | 40.2 | 40.2 | 2.01 | 4.04 | 24.8 |
| 7 | 110.0 | 42.[?] → 42.0 * | 42.2 | 42.1 | 2.105 | 4.431 | 24.8 |

கடைசிப் பத்திக்குத் தாளில் அலகு எழுதப்படவில்லை. அது செ.மீ./வி² ஆகத்தான் இருக்க முடியும், ஆனால் தலைப்பு காலியாக இருந்ததால் இங்கும் காலியாகவே விட்டிருக்கிறேன்.

* மீச்சிற்றளவு: தாளில் 0.1 என்று தெளிவாகவே இருக்கிறது. ஆனால் t₁, t₂ பத்திகளில் ஒரு எண்கூட ஒற்றைப்படை இலக்கத்தில் முடியவில்லை. 28.4, 31.0, 35.8, 40.2 என்று எல்லாமே இரட்டைப்படை. 0.1 வினாடி காட்டும் கடிகாரத்தில் இத்தனை அளவீடுகளும் தற்செயலாக இரட்டைப்படையில் விழுவது அரிது. கடிகார முகப்பில் ஒரு வினாடி ஐந்து பிரிவுகளாக, அதாவது பிரிவுக்கு 0.2 வினாடியாக, இருந்திருக்கும் என்று தோன்றுகிறது. கடிகாரம் இன்னும் அலமாரியில் இருந்தால் ஒரு பார்வை போதும். அதுவரை 0.1 என்பதே படியில் நிற்கும்.

* வரிசை 2, t₂: தாளில் 312. புள்ளி அச்சுக்கோட்டின் மேல் விழுந்து மறைந்ததா, வைக்கவே இல்லையா என்பது உருப்பெருக்கியில் பார்த்தும் தெரியவில்லை. அருகிலுள்ள 31.0-உம் சராசரி 31.1-உம் 31.2-ஐத் தவிர வேறு எதற்கும் இடம் கொடுக்கவில்லை. அதனால் புள்ளியை மட்டும் அடைப்புக்குள் சேர்த்திருக்கிறேன். அதே வரிசையில் l-க்கு 60.0 என்று எழுதாமல் 60 என்று விட்டிருப்பது அவசரத்தில் இருக்கலாம். அதை நிரப்பவில்லை.

* வரிசை 3, t₁: அடியில் 38.6, அதன் மேல் 33.6. இரண்டும் ஒரே நீல மை. 8-இன் இடப்பக்க வளைவுகள் மேல் எழுதிய 3-க்கு வெளியே இன்னும் தெரிகின்றன. சராசரி, T, T² எதிலும் அடித்தல் இல்லை. ஆகவே கணக்குப் போடுவதற்கு முன்பே, எழுதிய கையோடு திருத்திய எழுத்துப் பிழை இது. கணக்கில் 33.6-ஐ எடுத்துக்கொள்ளலாம்.

* வரிசை 5, t₁: பார்க்க இதுவும் மூன்றாம் வரிசையைப் போன்றதே. ஆனால் சங்கதி வேறு. அடியில் நீல மையில் 36.2. மேலே கறுப்பு மையில் 6-இன் மேல் 8. வலப்பக்கம் உள்ள நான்கு கட்டங்களிலும் நீல எண்கள் கறுப்புக் கோட்டால் அடிக்கப்பட்டு, கறுப்பில் புதிய எண்கள் எழுதப்பட்டிருக்கின்றன. 36.2-உம் 38.0-உம் சேர்ந்தால் சராசரி 37.1. அதிலிருந்து T 1.855, T² 3.441, l/T² 26.2. அடித்த எண்கள் நான்கும் இதே வரிசையில் பொருந்துகின்றன. ஆக, 36.2-ஐ வைத்து முழுக் கணக்கும் போட்டு முடித்து, 26.2 மட்டும் மற்ற வரிசைகளின் 24.8-இலிருந்து தனித்து நிற்பதைப் பார்த்த பிறகுதான் முதல் அளவீடு 38.2 ஆகியிருக்கிறது.

மறுபடி அளந்து எழுதினாரா, விடைக்கு ஏற்ப எண்ணை வளைத்தாரா என்று தாள் சொல்லவில்லை. மறு அளவீடு என்றால் அதற்கென்று ஒரு புதிய வரி, அல்லது ஓரத்தில் "மீண்டும்" என்ற ஒரு சொல் இருந்திருக்க வேண்டும். இரண்டுமே இல்லை. இந்தக் கட்டத்தில் 38.2-ஐ மட்டும் எழுதி, அடியிலுள்ளதை விட்டுவிட்டால் படி சுத்தமாக இருக்கும், உண்மையாக இருக்காது.

36.2 வெறும் கிறுக்கல் என்று ஒதுக்கவும் முடியவில்லை. 36.2-ஐ 19-ஆல் வகுத்தால் 1.905 வருகிறது. குண்டு நடுப்புள்ளியைக் கடக்கும்போது கடிகாரத்தை இயக்கி "சுழி" என்று எண்ணத் தொடங்க வேண்டும். "ஒன்று" என்று தொடங்கினால், இருபது என்று சொல்லும்போது உண்மையில் பத்தொன்பது அலைவுகளே முடிந்திருக்கும். அப்படி நடந்திருந்தால் 36.2 நேர்மையான அளவீடு, எண்ணிக்கைதான் ஒன்று குறைவு. இது என் ஊகம், படியின் பகுதி அல்ல. ஆனால் 36.2 அழிந்துபோனால் இப்படி ஊகிக்கவே வழி இருக்காது.

* வரிசை 7, t₁: மேலே 0 தெளிவு. அடியில் உள்ள இலக்கம் 6 போலவும் 5 போலவும் தெரிகிறது. மற்ற அளவீடுகள் எல்லாம் இரட்டைப்படை என்பதால் 5-க்கு வாய்ப்புக் குறைவு, ஆனால் அதை நம்பி எழுத முடியாது என்பதால் கேள்விக்குறி. ஒரே நீல மை, பின்வரும் கட்டங்களில் திருத்தம் இல்லை. மூன்றாம் வரிசை வகையைச் சேர்ந்தது.

பக்கம் 24

சராசரி l/T² = ‹25.0› 24.8

g = 4π² × l/T² = 39.48 × ‹25.0› 24.8 = ‹987.0› 979.1 செ.மீ./வி²

= 9.79 மீ/வி *

* கடைசி வரியில் வி-க்கு மேல் இருக்க வேண்டிய 2 இல்லை. முந்தைய வரியில் இருக்கிறது. அடித்த 25.0-உம் 987.0-உம் நீலம், 24.8-உம் 979.1-உம் கறுப்பு. ஆறு 24.8-களையும் ஒரு 26.2-ஐயும் கூட்டி ஏழால் வகுத்தால் 25.0. ஐந்தாம் வரிசைத் திருத்தம் இறுதி விடைக்கும் பிறகு நடந்தது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

வரைபடம்: கிடை அச்சு l (செ.மீ.), செங்குத்து அச்சு T² (வி²). ஏழு புள்ளிகள், ஒவ்வொன்றையும் சுற்றிச் சிறு வட்டம். l = 90-இல் 3.44-க்கு நேராக ரப்பரால் தேய்த்த தடம் இருக்கிறது. தாளின் கட்டக்கோடுகள் அந்த இடத்தில் மங்கியிருக்கின்றன. 3.63-இல் புதிய புள்ளி, பென்சில் சற்று அழுத்தமாக. நேர்கோடு ஆதிப்புள்ளி வழியே செல்கிறது. சரிவு எழுதப்படவில்லை.

ஓரக்குறிப்பு, பக்கம் 24, பென்சில்: "5வது பார்க்க". கையெழுத்து அட்டவணை எழுதியவருடையதா, வேறொருவருடையதா என்று சொல்ல இந்த இரண்டு சொற்கள் போதவில்லை.

கணினியில் ஏற்றும் கோப்பில் t₁-க்கு இரண்டு பத்திகள் வைத்திருக்கிறேன்: முதலில் எழுதியது, பின்னர் நின்றது. மை நிறம் தனிப் பத்தி. திருத்தம் உள்ள வரிசைகள் இப்படி வரும்:

```
row,l_cm,t1_first,t1_final,t2,ink_final
3,70.0,38.6,33.6,33.6,blue
5,90.0,36.2,38.2,38.0,black
7,110.0,NA,42.0,42.2,blue
```

ஐந்தாம் வரிசையைச் சராசரியில் சேர்ப்பதா விடுவதா என்பதைச் சோதனையை நடத்திய ஆசிரியர் முடிவு செய்யட்டும். விட்டாலும் மீதி ஆறு வரிசைகளின் சராசரி 24.8 தான், g-யும் 979.1 தான்.