வாழ்நாள் சான்றிதழ் சமர்ப்பித்தல்: நினைவூட்டல் கடிதம்

இந்திய ஆயுள் காப்பீட்டுக் கழகம்
கும்பகோணம் கிளை, தஞ்சாவூர் கோட்டம்
நாள்: 06.10.2025

பெறுநர்
திருமதி க. மீனாட்சி அம்மாள் அவர்கள்,
மேலத் தெரு, சுவாமிமலை,
கும்பகோணம் வட்டம்.

பொருள்: ஜீவன் அக்ஷய் – 6 ஓய்வூதியப் பாலிசி (எண் 4172 என முடிவது), மாத ஓய்வூதியம் ரூ.6,450 – 2025ஆம் ஆண்டுக்கான வாழ்நாள் சான்றிதழ் இதுவரை வந்து சேராதது – தொடர்பாக.

அம்மையீர்,

வணக்கம். தங்கள் கணவர் 2014ஆம் ஆண்டில் எடுத்த மேற்கண்ட பாலிசியில், அவருக்குப் பின் வாழ்க்கைத் துணைக்கு முழு ஓய்வூதியமும் தொடரும் விருப்பத்தை அவர் தேர்ந்தெடுத்திருந்ததால், 2021 முதல் அத்தொகை மாதந்தோறும் தங்கள் வங்கிக் கணக்கில் வரவு வைக்கப்பட்டு வருகிறது. இவ்வாண்டுக்கான வாழ்நாள் சான்றிதழை 31.10.2025க்குள் தாங்கள் அளிக்க வேண்டும். ஆகஸ்டு மாதம் அனுப்பிய முதல் கடிதத்துக்குப் பதில் வராததால் இந்த இரண்டாவது நினைவூட்டலை அனுப்புகிறோம். முதல் கடிதம் தங்கள் கைக்குக் கிடைக்காமலும் போயிருக்கலாம்.

குறித்த நாளுக்குள் சான்றிதழ் பதிவாகவில்லையெனில் நவம்பர் மாதத் தொகை தானாகவே நிறுத்தி வைக்கப்படும். ஓய்வூதியம் பெறும் தங்கள் உரிமை இதனால் இல்லாமல் போய்விடாது. எப்போது சான்றிதழ் வந்தாலும் நிறுத்தப்பட்ட மாதங்களின் தொகை நிலுவையாகச் சேர்த்து வழங்கப்படும். ஆயினும் மருந்துச் செலவும் வீட்டுச் செலவும் இத்தொகையை நம்பியிருக்கும் வீடுகளில் ஓரிரு மாதத் தாமதமே பெரிய இடையூறாகிவிடுவதை நாங்கள் அறிவோம் என்பதால் முன்கூட்டியே எழுதுகிறோம்.

ஒன்றை மட்டும் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியுள்ளது. தாங்கள் கருவூலத்தின் வழியாக அரசுக் குடும்ப ஓய்வூதியமும் பெற்று வருகிறீர்கள் என்றால், அங்கே ஆண்டு நேர்காணலை முடித்ததோ, தபால்காரரிடம் கைரேகை வைத்து ஜீவன் பிரமாண் சான்றிதழ் பெற்றதோ அந்த ஓய்வூதியத்துக்கு மட்டுமே பொருந்தும். அந்த விவரம் எங்கள் பதிவேட்டுக்கு வருவதில்லை. "போன மாதம்தான் கொடுத்தேனே" என்று கிளைக்கு வந்து கேட்கும் மூத்தவர்களில் பலர், விசாரித்தால், கருவூலத்திலோ வங்கியிலோ கொடுத்திருப்பார்கள். இந்தப் பாலிசிக்குத் தனியாகச் சான்றிதழ் தேவை.

சான்றிதழ் அளிக்கத் தாங்களே கிளைக்கு வருவது எளிய வழி. ஆதார் அட்டை, வங்கிக் கணக்குப் புத்தகம், இக்கடிதம் ஆகியவற்றுடன் திங்கள் முதல் வெள்ளி வரை அலுவலக நேரத்தில் வந்தால், எங்கள் அலுவலர் முன்னிலையில் கையெழுத்திட்டுவிட்டு அன்றே ஒப்புகைச் சீட்டுடன் திரும்பலாம். சனிக்கிழமைகளில் கிளை இயங்காது. தீபாவளி 20ஆம் தேதி வருவதாலும், அதையொட்டி மழையும் பிடித்துக்கொள்ளும் என்பதாலும், அதற்கு முந்தைய வாரத்திலேயே வந்து செல்வது தங்களுக்கு வசதியாக இருக்கும்.

வர இயலாதெனில், இத்துடன் இணைத்துள்ள படிவத்தில் கையொப்பமிட்டு, அரசிதழ் பதிவு பெற்ற அலுவலர் ஒருவரிடமோ தங்கள் வங்கி மேலாளரிடமோ முத்திரையுடன் சான்றொப்பம் பெற்று, முகவரி எழுதிய உறையில் வைத்து அனுப்பலாம். அது 24.10.2025க்குள் எங்களுக்குக் கிடைத்தால் நவம்பர் மாதப் பட்டுவாடாவில் சேர்த்துவிட முடியும். வீட்டில் திறன்பேசி வைத்திருப்பவர் உதவினால், கழகத்தின் ஜீவன் சாக்ஷ்யா செயலியிலும் இதை முடித்துவிடலாம். அதற்குத் தங்கள் ஆதாருடன் இணைந்த செல்பேசி எண் கையில் இருக்க வேண்டும், தங்கள் முகத்தையும் அப்போதே படம் எடுத்துக்கொள்ளும். படுக்கையில் இருக்கும் நிலையெனில் உறவினர் மூலம் தெரிவியுங்கள். எங்கள் அலுவலர் ஒருவரை வீட்டுக்கு அனுப்ப ஏற்பாடு செய்கிறோம்.

எங்கள் பதிவில் தங்கள் பெயர் "மீனாட்சி" என்றும், தாங்கள் முன்பு அளித்த ஆதார் நகலில் "மீனாக்ஷி" என்றும் உள்ளது. இதனால் செயலி ஏற்க மறுத்தால் மீண்டும் மீண்டும் முயல வேண்டாம். கிளையிலோ தபாலிலோ சான்றிதழ் அளிப்பதற்கு இது தடையாகாது. பெயரைத் திருத்தும் விண்ணப்பத்தைத் தாங்கள் வரும்போதே பெற்றுக்கொள்கிறோம்.

வாழ்நாள் சான்றிதழுக்கு நாங்கள் எந்தக் கட்டணமும் வாங்குவதில்லை. ஓய்வூதியம் நின்றுவிடும் என்று சொல்லி, தொலைபேசியில் ஓடிபி, ஏடிஎம் அட்டை எண் அல்லது பணம் கேட்பவர் யாராயினும் உடனே இணைப்பைத் துண்டித்துவிடவும். ஐயமிருந்தால் கழகத்தின் அழைப்பு மையத்தை 022-68276827 என்ற எண்ணில் கேட்டுக்கொள்ளலாம்.

இக்கடிதம் கிடைப்பதற்குள் தாங்கள் சான்றிதழை அனுப்பியிருந்தால், அனுப்பிய நாளையும் வழியையும் ஒரு வரியில் தெரிவிக்கவும்.

இங்ஙனம்,
தங்கள் உண்மையுள்ள,
கிளை மேலாளர்

இணைப்பு: வாழ்நாள் சான்றிதழ் படிவம், முகவரியிட்ட உறை